‘பண்டிகைக்கு ஒரு மெசேஜ் எழுதிக் கொடு’: எந்தப் பண்டிகை, யாருக்கு என்று சொல்லாவிட்டால் என்ன எழுதுவது?

வீட்டில் கொஞ்சம் நன்றாகத் தமிழ் எழுதுகிறவர் ஒருவர் இருந்தால் போதும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே அவருக்கு இந்த வேண்டுகோள் வந்துவிடும். “நல்லா ஒரு விஷ் மெசேஜ் எழுதிக் குடு. சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பணும்.” அவ்வளவுதான். எந்தப் பண்டிகை, யார் எவ்வளவு நெருக்கம், ‘தங்கள்’ என்று எழுதுவதா ‘உங்க’ என்று எழுதுவதா என்று எதுவும் அதில் இருக்காது. கேட்பவருக்கு அது சின்ன வேலை. எழுத உட்காருகிறவருக்குத்தான் முதல் வரியிலேயே கை நிற்கும்.

காரணம் தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரியப்பாவுக்கும் பக்கத்து சீட் நண்பருக்கும் முன்னிலைச் சொல் ஒன்றுதான். தமிழில் நீ, நீங்க, நீங்கள், தாங்கள் என்று படிக்கட்டு மாதிரி இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று முடிவு செய்யாமல் ‘உன் வீட்டில்’ என்றோ ‘உங்கள் வீட்டில்’ என்றோ எழுத முடியாது. வினைச்சொல்லும் விடாது. ‘கொண்டாடு’, ‘கொண்டாடுங்க’, ‘கொண்டாடுங்கள்’ ஆகிய மூன்றும் மூன்று உறவு. எல்லாருக்கும் ஒரே மெசேஜ் எழுத முடியாதா என்றால், முடியும். ஆனால் அதில் சேர்க்கும் ஒவ்வொரு அன்பான சொல்லும் பட்டியலிலிருந்து சிலரை வெளியே தள்ளிக்கொண்டே போகும். எதை எழுதுவது என்பதைவிட எதை எழுதாமல் விடுவது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் பண்டிகையின் பெயர்

பல நேரம் இதைக் காலண்டரே சொல்லிவிடும். ஜனவரி 12-ம் தேதி கேட்டால் பொங்கல்தான். ஆனால் எப்போதும் இவ்வளவு சுலபமாக இருக்காது. 2024 ஏப்ரலை எடுத்துக்கொள்ளலாம். 9-ம் தேதி யுகாதி, 11-ம் தேதி ரம்ஜான், 14-ம் தேதி தமிழ்ப் புத்தாண்டும் விஷுவும். ஆறே நாளில் நான்கு பண்டிகை. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பெண் எடுத்த ஒருவர், மலையாளி மேனேஜரிடம் வேலை பார்க்கும் ஒருவர், அந்த வாரத்தில் ‘பண்டிகை வாழ்த்து’ என்று மட்டும் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அங்கே ஊகிக்காமல் கேட்டுவிடுவதே நல்லது.

சரி, கேட்க முடியவில்லை, ‘இனிய பண்டிகை நல்வாழ்த்துகள்’ என்று பொதுவாக எழுதிவிடலாமே? இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் பெயரில்லாத பண்டிகை வாழ்த்தைப் படிக்கிறவருக்கு நகைக்கடை விளம்பரம்தான் நினைவுக்கு வரும். பண்டிகையின் பெயரைச் சொல்லும் இரண்டு சொல் வாழ்த்து, பெயர் சொல்லாத பத்து வரியைவிட மேல்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பழைய மெசேஜில் பெயரை மட்டும் மாற்றுவது. தீபாவளிக்கு அனுப்பியதை எடுத்து, ‘தீபாவளி’ இருந்த இடத்தில் ‘பொங்கல்’ என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். கடைசி வரியில் ‘தீப ஒளி உங்கள் இல்லத்தில் பரவட்டும்’ அப்படியே நிற்கும். தீபம், ஒளி, மத்தாப்பு ஆகியவை தீபாவளிக்கு உரியவை. பொங்குதல், தை, கரும்பு, உழவு என்றால் பொங்கல். பெயர் ஒரு சொல்தான், அதன் வால் மெசேஜ் முழுக்கப் பரவியிருக்கும்.

எல்லா விடுமுறை நாளும் வாழ்த்துக்கு உரிய நாள் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். புனித வெள்ளி இயேசுவின் மரணத்தை நினைக்கும் நாள். அன்று ‘இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்’ என்று அனுப்புபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். வாழ்த்த வேண்டியது ஞாயிற்றுக்கிழமை வரும் ஈஸ்டருக்கு. அதேபோல, ரம்ஜான் என்பது நோன்பு மாதத்தின் பெயர். அது முடிந்து வரும் பண்டிகை நோன்புப் பெருநாள். ‘ரம்ஜான் வாழ்த்துகள்’ என்று சொன்னாலும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் புரியும்தான். ஆனால் ‘நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்’ அல்லது ‘ஈத் முபாரக்’ என்று எழுதினால், இவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியும். பெருநாள் என்றைக்கு என்பது பிறை தெரிவதைப் பொறுத்தது. காலண்டரில் போட்டிருக்கும் தேதியை நம்பி முன்கூட்டியே மெசேஜை ‘ஷெட்யூல்’ செய்து வைத்தால், அவர் இன்னும் நோன்பில் இருக்கும்போதே வாழ்த்து போய்ச் சேரும்.

தமிழ் தரும் ஒரு சலுகை

பண்டிகை தெரிந்துவிட்டது, ஆள்கள் யாரென்று தெரியவில்லை. இப்போது ஒரு உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். சென்னையில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அப்படி ஒருவர் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் தங்கையிடம் மேலே சொன்ன மாதிரி கேட்கிறார். தங்கை கேள்வி கேட்பதற்கு முன், யாருக்கு அனுப்பினாலும் தப்பாகாத ஒன்றை முதலில் எழுதிக்கொள்கிறார்:

“இனிய பொங்கல் நல்வாழ்த்துகள். வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கவும், இந்தத் தை நல்ல தொடக்கமாக அமையவும் வாழ்த்துகள்.”

படித்துப் பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கிறது. கவனித்தால் ஒன்று தெரியும், இதில் நீ, நீங்கள், உன், உங்கள் எதுவுமே இல்லை. ‘உங்கள் வீட்டில் எல்லாரும்’ என்று எழுதாமல் ‘வீட்டில் எல்லாரும்’ என்று நிறுத்திவிட்டார். தமிழில் இது உறுத்தாது. “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றுதான் பெரியவரிடமும் கேட்கிறோம், சின்னவரிடமும் கேட்கிறோம். முன்னிலைச் சொல்லை விட்டுவிட்டாலும் வாக்கியம் முழுசாகவே இருக்கும். இதுதான் சலுகை.

இரண்டாவது சலுகை ‘-அட்டும்’. ‘மகிழ்ச்சியாகக் கொண்டாடுங்கள்’ என்றால் மரியாதைப் படி வந்துவிடுகிறது. ‘மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்றால் வரவில்லை. பொங்குவது மகிழ்ச்சி, கேட்பவர் அல்ல. அதனால்தான் தமிழ் வாழ்த்து அட்டைகளில் பெருகட்டும், நிலைக்கட்டும், அமையட்டும் என்று வரிசையாக வருகிறது. அலுப்பூட்டும் அளவுக்குப் பயன்படுத்திவிட்டார்கள் என்பதும் உண்மை. ஒரு மெசேஜில் ஒரு ‘அட்டும்’ போதும். மூன்று வந்தால் வார்டு கவுன்சிலர் வைத்த பேனர் மாதிரி ஆகிவிடும்.

தங்கை ‘தமிழ்ப் புத்தாண்டு’ என்று ஒரு சொல் சேர்க்கவில்லை என்பதும் தற்செயல் அல்ல. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் திமுக அரசு சட்டம் கொண்டுவந்தது. 2011-ல் அதிமுக அரசு அதை ரத்து செய்து, சித்திரை முதல் நாளுக்கே மாற்றியது. பொங்கல் மெசேஜில் அந்தச் சொல்லைச் சேர்த்தால் சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கு அது கட்சி நிலைப்பாடு. நண்பர்களுக்குள் தாராளமாக எழுதலாம். யாரென்று தெரியாத பட்டியலுக்கு அனுப்பும்போது வேண்டாம்.

எழுத்துப்பிழை பற்றிய ஒரு கேள்வியும் தவறாமல் வரும்: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? வாழ்த்து என்பதோடு ‘கள்’ சேரும்போது ‘க்’ மிகாது, எனவே ‘வாழ்த்துகள்’ என்பதே சரி என்பது இலக்கணம் பார்ப்பவர்களின் கருத்து. ‘க்’ போட்டு எழுதுகிறவர்களும் ஏராளம். தமிழாசிரியர் ஒருவராவது பட்டியலில் இருந்தால் ‘க்’ இல்லாமல் எழுதிவிடுவது நிம்மதி.

மூன்றே கேள்விகள்

பொதுவான மெசேஜ் கையில் இருக்கிறது. இதையே அனுப்பினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், யாருக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவும் தோன்றாது. அதனால் தங்கை அண்ணனிடம் மூன்று கேள்வி கேட்கிறார். “இந்த லிஸ்ட்ல நீ யாரை வா, போன்னு பேசுவ, யாரை வாங்க, போங்கன்னு பேசுவ? யார்கிட்ட தமிழ்ல பேசுவ, யார்கிட்ட இங்கிலீஷ்ல? இந்த ஒரு வருஷத்துல துக்கம் நடந்த வீடு ஏதாவது இருக்கா?”

‘எவ்வளவு நெருக்கம்’ என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். அதற்கு யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. ‘வா, போ’வா ‘வாங்க, போங்க’வா என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். நேரில் எப்படிப் பேசுகிறோமோ, மெசேஜும் அப்படியே இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பதில் போதும்.

பதில் வந்த பிறகு வேலை சுலபம். பொது மெசேஜை அப்படியே வைத்துக்கொண்டு, தலையில் ஒரு விளி, காலில் ஒரு வரி மட்டும் மாறும். பெரியவர்களுக்கு:

“பெரியப்பா, பெரியம்மா, வணக்கம். இனிய பொங்கல் நல்வாழ்த்துகள். உங்க ஆசீர்வாதம் வேணும். காணும் பொங்கலுக்கு வீட்டுக்கு வரேன்.”

இங்கே ‘உங்க’ வந்துவிட்டது, வரலாம். யார் என்று தெரிந்துவிட்டது அல்லவா? ஆசீர்வாதம் கேட்பதும் அலங்காரத்துக்கு அல்ல. வயதில் மூத்தவரை இளையவர் ‘வாழ்த்துவது’ சில பெரியவர்களுக்கு இன்றைக்கும் நெருடும். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று சுவரொட்டிகளில் போடுவது அந்த நெருடலைத் தீர்க்கத்தான். குடும்ப மெசேஜில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு வணக்கமும் ஆசீர்வாதம் கேட்கும் ஒரு வரியும் போதும்.

உறவுமுறைச் சொல்லை மட்டும் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. வீட்டில் மதினி என்று கூப்பிடுபவரை மெசேஜில் அண்ணி என்றாக்கினால், வேறு யாரோ எழுதிக்கொடுத்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். அம்மாச்சி பாட்டியாகவும், அப்புச்சி தாத்தாவாகவும் மாறுவதும் இதே கதைதான். எழுதிக்கொடுப்பவர் வெளியாள் என்றால் விளியை எழுதாமல் இடம் விட்டுக் கொடுத்து, அனுப்புபவரே நிரப்பிக்கொள்ளச் சொல்வது நல்லது.

‘வா, போ’ வட்டத்துக்கு வாழ்த்து என்ற சொல்லே தேவைப்படாது. “என்னடா, பால் பொங்குச்சா?” என்பதே முழு வாழ்த்து. பொங்கலன்று காலையில் ஊரில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது அதைத்தான். பதிலுக்கு “பொங்குச்சு பொங்குச்சு, உங்க வீட்ல?” என்று வரும். இதே வரியை மேனேஜருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் சிக்கல் வேறு விதம். ஐ.டி. நிறுவனங்களில் மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது சரியாக இருக்கும். தமிழில் வெறும் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்’ என்று எழுதும்போது ஏதோ குறைகிற மாதிரி கை தயங்கும். சார், மேடம் சேர்த்தால் நேரில் கூப்பிடாத மாதிரி ஆகிவிடும். இதற்கு நல்ல தீர்வு, அவரோடு எந்த மொழியில் பேசுகிறோமோ அதிலேயே வாழ்த்துவது. ஆங்கிலத்தில்தான் பேச்சு என்றால் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் பேசுபவர் என்றால் பெயரோடு ‘நீங்க’:

“வணக்கம். உங்களுக்கும் வீட்ல எல்லாருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள். லீவ் முடிஞ்சு சந்திப்போம்.”

‘தங்கள் இல்லத்தில்’ என்று எழுதினால் மரியாதை கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கூடுவது தூரம்தான். தங்கள், இல்லம், இத்திருநாளில் ஆகியவை கல்யாணப் பத்திரிகையின் மொழி. அந்த மொழியில் தொடங்கிவிட்டால் கடைசி வரை அதிலேயே போக வேண்டும். ‘இத்திருநாளில் தங்கள் இல்லத்தில் இன்பம் பெருகட்டும்’ என்று தொடங்கி ‘நல்லா என்ஜாய் பண்ணுங்க’ என்று முடியும் மெசேஜ்கள்தான் படிப்பவரைச் சிரிக்க வைக்கின்றன. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் கலக்கலாம். ஒரே வாக்கியத்துக்குள் மோதக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்த ஆளின் முகத்தை நினைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பது. நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே திருத்தினால் போதும்.

டீம் குரூப்பில் வட இந்தியர்களும் இருந்தால், அதே நாள்களில் அவர்களுக்கு லோரியோ மகர சங்கராந்தியோ வரும். ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஒவ்வொருவர் மாநிலத்தையும் தேடிப் பிடித்து எல்லாப் பண்டிகையையும் அடுக்க வேண்டாம். அதில் ஒருவருடையது விட்டுப்போனால், சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும்.

துக்கம் நடந்த வீடு

மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விட முக்கியம். பல இந்துக் குடும்பங்களில் இறப்பு நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. பங்காளி வீடுகளும் சேர்ந்து கொண்டாடாமல் விடுவது உண்டு. அந்த வீட்டு அத்தைக்கு, கரும்பும் பானையும் போட்ட படத்தோடு ‘மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்று போய்ச் சேர்ந்தால், வார்த்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. மொத்தமாக அனுப்புவதன் ஆபத்து முழுக்க இங்கேதான் இருக்கிறது. ‘தங்கள்’ தப்பானால் சிரிப்பார்கள். இது தப்பானால் ரொம்ப நாள் மனதில் நிற்கும்.

அந்தப் பெயர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்காக ஒன்றும் அனுப்பாமலும் இருக்க வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் போன் கூவிக்கொண்டிருக்கும் நாளில் அந்த வீட்டு போன் மட்டும் அமைதியாக இருப்பதும் வலிதான். “அத்தை, இன்னைக்கு உங்களைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் போன் பண்றேன்.” வாழ்த்து, திருநாள், மகிழ்ச்சி என்ற மூன்று சொல்லும் இல்லை. இப்படி ஒரு வரிக்குப் பிறகு சொன்னபடி போன் பண்ண வேண்டும். அதைச் செய்ய முடியாது என்றால் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதக் கூடாது.

இதே கவனம் தலைப் பொங்கலுக்கும் வேண்டும், வேறு காரணத்துக்காக. புதிதாகக் கல்யாணமான தம்பதிக்கு எல்லாருக்கும் போன அதே மெசேஜ் போனால், அவர்களுக்கு அது தலைப் பொங்கல் என்பதே மறந்துவிட்டது என்று பெண் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். ‘தலைப் பொங்கல் வாழ்த்துகள்’ என்று ஒரே ஒரு சொல் மாற்றம் போதும்.

அனுப்பும்போது

வேறு யாரோ அனுப்பியதை அப்படியே ஃபார்வர்டு செய்தால் வாட்ஸ்அப் அதை மேலே குறித்துக் காட்டும். பலமுறை சுற்றிய மெசேஜுக்கு இரட்டை அம்புக்குறியே வரும். பெரியப்பாவுக்கும் அந்தக் குறி என்னவென்று இப்போது தெரியும்.

‘பிராட்காஸ்ட்’ பட்டியல் வைத்து அனுப்புகிறவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. நம் எண்ணை போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். புதிதாகச் சேர்ந்த மேலதிகாரியிடம் நம் எண் சேமிக்கப்படாமல் இருந்தால் மெசேஜ் போகாது, போகவில்லை என்றும் தனியாகத் தெரியாது. அவருக்குத் தனியாக அனுப்புவதே பாதுகாப்பு. குடும்ப குரூப்பில் போட்ட வாழ்த்தை பெரியவர்கள் தங்களுக்கு வந்ததாகக் கணக்கில் வைப்பதில்லை என்பதும் கவனத்தில் இருக்கட்டும்.

பொங்கல் வாழ்த்தில் நாள் தவறிவிட்டால் சமாளிக்க இடம் இருக்கிறது. மறுநாள் மாட்டுப் பொங்கல், அரசு விடுமுறைப் பட்டியலில் அது திருவள்ளுவர் தினம். அதற்கடுத்த நாள் காணும் பொங்கல், பட்டியலில் உழவர் திருநாள். தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு நீட்டாமல், அன்றைய நாளின் பெயரைச் சொல்லியே வாழ்த்திவிடலாம். சொந்தக்காரர்களைப் போய்ப் பார்ப்பதற்கென்றே இருக்கும் நாள் காணும் பொங்கல். அதே ஊரில் இருப்பவர்களுக்கு மெசேஜை விட்டுவிட்டு, நேரில் போய்விட்டு வந்தாலும் கணக்கு சரிதான்.